ஆப் காட்டுவது 80, நான் போட்ட சராசரி 83: யார் கணக்கு தப்பு?

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம். ஐந்து மாதமாக ஒரு குறியீட்டு நிதியில் மாதம் 6000 போட்டு வருகிறேன். தேதி மாறாது, தொகையும் மாறாது. கட்டணம், பிடித்தம் எதுவும் கிடையாது. இந்த ஐந்து மாதத்தில் யூனிட் விலை நன்றாக ஆடிவிட்டது. நான் வாங்கிய நாட்களில் இருந்த விலை வரிசையாக 100, 80, 60, 75, 100.

நேற்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஒரு விரிதாளில் இந்த ஐந்து விலையையும் அடித்து `=AVERAGE(B2:B6)` போட்டேன். 83 வந்தது. ஆப்பைத் திறந்தால் "சராசரி வாங்கிய விலை 80" என்று இருக்கிறது. நோட்டில் பேனாவால் மறுபடியும் கூட்டினேன். 415ஐ ஐந்தால் வகுத்தால் 83தான்.

யூனிட்டுக்கு 3 என்றால் என்னிடம் இருக்கும் 375 யூனிட்டுக்கு 1125 ஆகிறது. சின்னத் தொகை இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "கணக்கு சரியாகவே உள்ளது" என்று ஒரே வரியில் பதில் வந்தது, விளக்கம் இல்லை. எங்கே தப்பு நடக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா?

---

வேகநடை எழுதியது:

ஆப் சரிதான், கவலைப்படாதீர்கள். மாதத் தவணையின் அழகே இதுதான். விலை ஏறி இறங்கினால் உங்கள் சராசரி தானாகக் கீழே வந்துவிடும். சந்தை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு நல்லது. நான் விலை இறங்கினால் சந்தோஷப்படும் ஆள். தவணை போடுபவருக்கு நஷ்டம் என்பதே கிடையாது, நிறுத்தாமல் இருந்தால் போதும்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

நிலாமுற்றம் அம்மா, உங்கள் கூட்டலில் தப்பு இல்லை. ஆப்பிலும் தப்பு இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள்.

நீங்கள் விலைகளைச் சராசரி எடுத்தீர்கள். ஆப் உங்கள் பணத்தைச் சராசரி எடுத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 6000க்கு எத்தனை யூனிட் வந்தது என்று பாருங்கள். 100 விலையில் 60 யூனிட். 80 ஆனபோது 75. 60க்கு இறங்கியபோது 100. 75ல் 80. மறுபடி 100 ஆனதும் 60. மொத்தம் 375 யூனிட், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போட்ட பணம் 30000. வகுத்தால் 80. யூனிட்டின் அடக்க விலை என்றால் இதுதான்.

83க்கும் 80க்கும் நடுவில் இருக்கும் 3 யார் பைக்கும் போகவில்லை. 83 வரவேண்டுமானால் ஐந்து மாதமும் ஒரே எண்ணிக்கையில் யூனிட் வாங்கியிருக்க வேண்டும். மாதம் 75 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7500, 6000, 4500, 5625, 7500 என்று மொத்தம் 31125 கொடுத்திருப்பீர்கள். அதை 375ஆல் வகுத்தால் 83. நீங்கள் அப்படி வாங்கவில்லை. விலை குறைந்த மாதத்தில் அதிக யூனிட்டும், கூடிய மாதத்தில் குறைந்த யூனிட்டும் உங்கள் கணக்கில் விழுந்திருக்கின்றன. அதனால் 60 என்ற விலைக்கு 100 என்ற விலையைவிட கனம் அதிகம்.

பள்ளியில் ஒரு வேகக் கணக்கு படித்திருப்பீர்கள். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40. சராசரி வேகம் 50 என்று எழுதினால் வாத்தியார் சிவப்பு மையில் அடிப்பார். விடை 48. மெதுவாகப் போகும் பாதியில் நேரம் அதிகம் செலவாகிறது, அதுதான் காரணம். உங்கள் தவணையில் தூரத்தின் இடத்தில் பணம் இருக்கிறது, நேரத்தின் இடத்தில் யூனிட் இருக்கிறது. அச்சு அசல் ஒரே கணக்கு. இதற்கு இசைச் சராசரி என்று பெயர். விரிதாளில் AVERAGEக்குப் பதில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=HARMEAN(B2:B6)
```

ஒரு மாதம் தவணையைக் கூட்டியோ குறைத்தோ போட்டிருந்தால் இது பொருந்தாது. அப்போது மொத்தப் பணத்தை மொத்த யூனிட்டால் வகுப்பதுதான் எப்போதும் சரியான வழி.

---

நிலாமுற்றம் எழுதியது:

போட்டேன் ஐயா. 80 என்று வந்து நின்றது. வேகக் கணக்கைப் படித்ததும்தான் மண்டையில் ஏறியது. நன்றி. ராத்திரி முழுக்க யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்புறம் ஒன்று. வேகநடை சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? இப்போது என் 375 யூனிட் 37500 மதிப்பில் இருக்கிறது, போட்டது 30000. விலை முதல் மாதம் இருந்த 100லேயே இருக்கிறது, ஆனால் எனக்கு 7500 லாபம். அப்படியானால் ஆட்டமே லாபம் கொடுக்கிறது என்று சொல்வது சரிதானே?

---

வேகநடை எழுதியது:

அதைத்தானே சொன்னேன்! கணக்காகவே காட்டுகிறேன். இரண்டு மாதம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விலை ஒரு மாதம் 110, இன்னொரு மாதம் 90. விலைகளின் சராசரி 100, ஆனால் அடக்கம் 99. இதுவே 120, 80 என்றால் அடக்கம் 96. இதுவே 140, 60 என்றால் 84.

கவனியுங்கள், ஆட்டம் இரட்டிப்பானால் கிடைக்கும் இடைவெளி நாலு மடங்கு ஆகிறது. 1, 4, 16. அதனால்தான் நான் இருப்பதிலேயே அதிகமாக ஆடும் நிதியாகப் பார்த்துத் தவணை போடுகிறேன். அமைதியான நிதியில் தவணை போடுவது வீண்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

வேகநடை தம்பி, அந்த 1, 4, 16 மிகச் சரி. ரொம்பப் பேர் கவனிக்காத விஷயம் அது. அடக்க விலை ஒருபோதும் விலைகளின் சராசரியைத் தாண்டாது என்பதும் சரி. எல்லா மாதமும் ஒரே விலை என்றால் மட்டும் இரண்டும் சமம். இதுவரை உங்களோடு ஒத்துப்போகிறேன்.

ஆனால் "சராசரியைவிடக் குறைவு" என்பதும் "லாபம்" என்பதும் ஒன்று இல்லை. நிலாமுற்றம் அம்மாவின் விலைகளைத் தலைகீழாக ஆடவிடுவோம். 100, 120, 150, 120, 100. இதிலும் ஆட்டம் இருக்கிறது, இதிலும் விலை கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறது. 6000க்குக் கிடைக்கும் யூனிட் 60, 50, 40, 50, 60. மொத்தம் 260. அடக்கம் ஏறக்குறைய 115.38. விலைகளின் சராசரி 118. பார்த்தீர்களா, இங்கேயும் அடக்கம் சராசரிக்குக் கீழேதான். விதி பிசகவில்லை. ஆனால் கையில் இருக்கும் 260 யூனிட்டின் மதிப்பு 26000. போட்டது 30000. 4000 நஷ்டம்.

அம்மாவுக்குப் பள்ளத்தில் இறங்கி ஏறிய விலை வாய்த்தது. மேட்டில் ஏறி இறங்கிய விலை வாய்த்தவருக்கு அதே தவணை, அதே ஒழுங்கு, நஷ்டம். வாங்கிய விலைகள் இன்றைய விலைக்குக் கீழே இருந்ததுதான் லாபத்தைக் கொடுத்தது. ஆட்டம் கொடுக்கவில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். அந்த ஐந்து விலைகளையே எடுத்து வரிசையை மட்டும் மாற்றுங்கள். 100, 100, 80, 75, 60. யூனிட்டுகள் அதே 375, அடக்கம் அதே 80. அடக்க விலைக்கு வரிசை தெரியாது, எந்த விலை எப்போது வந்தது என்று அது கேட்பதே இல்லை. ஆனால் கடைசி விலை இப்போது 60. மதிப்பு 22500. அம்மாவுக்கு 25 சதவீத லாபம், இவருக்கு 25 சதவீத நஷ்டம். இருவர் ஆப்பிலும் "சராசரி வாங்கிய விலை 80" என்றே இருக்கும்.

அதிகம் ஆடும் நிதியைத் தேடிப் போவது பற்றி: உங்கள் 120, 80 உதாரணத்தில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆட்டம் கூடினாலும் விலை 100ஐச் சுற்றியே இருக்கும் என்று வைத்துக்கொண்டீர்கள். நிஜத்தில் விலை சதவீதத்தில் ஆடுகிறது. 100 என்பது 20 சதவீதம் இறங்கி, பிறகு 20 சதவீதம் ஏறினால் 96 தான். பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் ஏற வேண்டும். பாதியாக விழுந்தது மீள, இரட்டிப்பாக வேண்டும். ஆட்டம் உங்கள் அடக்கத்தைக் குறைக்கிற அதே நேரத்தில் விலையின் ஏற்றத்தையும் தின்கிறது. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுக்கிற கதை.

---

கரையோரம் எழுதியது:

நான் சொல்ல வருவது நேராக உங்கள் கேள்விக்கான பதிலா என்று தெரியவில்லை. ஆனால் சராசரி இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரே ஒரு நிறுவனத்தின் பங்கு. 200 விலையில் 50000க்கு 250 பங்கு வாங்கினேன். 100க்கு வந்தது. "சராசரி செய்" என்றார்கள், இன்னொரு 50000 போட்டேன், 500 பங்கு வந்தது. 50க்கு வந்தது. மறுபடி 50000, 1000 பங்கு. 1750 பங்கு, அடக்கம் 86க்கும் கீழே. 200ல் ஆரம்பித்தவன் 86க்கு வந்துவிட்டேன் என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். 86ஐத் தொட்டால் விற்றுவிடலாம் என்று இருந்தேன்.

விலை 12க்குப் போனது. 150000 போட்டதற்கு 21000 மிச்சம். தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. அடக்கம் இறங்கியது உண்மை. விலை அதைவிட வேகமாக இறங்கியது. அதனால் வேகநடை தம்பி, "நஷ்டமே கிடையாது" என்று மட்டும் எழுதாதீர்கள்.

---

வேகநடை எழுதியது:

அண்ணே, படிக்க வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் செய்தது தவணை முதலீடு இல்லையே. விலை பாதியாகும்போது மட்டும் போட்டீர்கள். அதுவும் ஒரே நிறுவனம். நான் சொல்வது பரந்த குறியீட்டு நிதி. அது எப்படியும் திரும்பி வரும்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

கரையோரம் ஐயா செய்தது தவணை இல்லை என்பது சரி. ஆனால் அவர் கணக்குக்கும் நம் கணக்குக்கும் இலக்கணம் ஒன்றே. ஒவ்வொரு முறையும் ஒரே தொகை, 50000. 200, 100, 50 இவற்றின் இசைச் சராசரி எடுத்தால் அவர் சொன்ன எண்தான் வரும். விலை திரும்பி வருமா என்பதில்தான் வித்தியாசம். தனி நிறுவனம் திரும்பாமலேயே மூழ்கலாம், மூழ்கிய பொருளில் சராசரிக்கு அர்த்தம் இல்லை.

குறியீடு திரும்பும் என்பதற்கும் எல்லை உண்டு. ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பர் கடைசியில் 38,915 என்ற உச்சத்தில் முடிந்தது. 2009 மார்ச்சில் அது ஏறக்குறைய 7,050 வரை இறங்கியது. 1989 உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம்.

இதை வைத்துத் தவணையைக் குறை சொல்லவும் முடியாது, கொண்டாடவும் முடியாது. உச்சத்தில் தொடங்கி மாதாமாதம் போட்டவர் 38,915 வரட்டும் என்று காத்திருக்கத் தேவையே இல்லை. பத்தாயிரங்களில் இருந்த வருடங்களில் அள்ளியதால் அவருடைய அடக்கம் வெகுவாகக் கீழே வந்திருக்கும். ஆனால் நடுவில் 2003லோ 2009லோ பணம் எடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தவருக்கு அந்தக் குறைந்த அடக்கமும் கைகொடுத்திருக்காது. குறியீடு அதற்கும் கீழே நின்றது.

---

மழைமேகம் எழுதியது:

நல்ல இழை. என் கேள்விக்கும் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கையில் மொத்தமாக ஒரு தொகை வந்திருக்கிறது. இதே சராசரி லாபம் கிடைக்க, அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் போடலாமா?

---

சுண்ணக்கட்டி எழுதியது:

அது வேறு கேள்வி. நிலாமுற்றம் அம்மாவிடம் மாதம் 6000தான் வருகிறது, வந்ததைப் போடுகிறார். உங்களிடம் முழுத்தொகையும் இன்றே இருக்கிறது. பிரித்துப் போட்டால் பதினோரு மாதம் ஒரு பகுதி சும்மா நிற்கும்.

வேன்கார்ட் நிறுவனம் 2012ல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சந்தைகளின் பழைய தரவை வைத்து இதைப் பார்த்தது. பன்னிரண்டு மாதமாகப் பிரித்ததைவிட மொத்தமாகப் போட்டது ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை முன்னால் நின்றது. சந்தைகள் நீண்டகாலத்தில் ஏறியிருக்கின்றன, அதனால் காத்திருந்த பணம் ஏற்றத்தைத் தவறவிட்டது. இசைச் சராசரி அதை ஈடுகட்டவில்லை.

---

கரையோரம் எழுதியது:

மூன்றில் ஒரு முறை என்பது சின்ன வாய்ப்பு இல்லையே ஐயா. மொத்தமாகப் போட்ட மறு மாதம் முப்பது சதவீதம் விழுந்தால், பயத்தில் விற்றுவிட்டு வெளியே வருபவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கு இந்த ஒப்பீட்டில் வராது. நான் பிரித்துத்தான் போடுவேன்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

பயம் குறையும் என்று பிரித்தால் மறுப்பில்லை, அது ஒரு நியாயமான விலை. அடக்கம் குறையும், அதனால் லாபம் கூடும் என்று நினைத்துப் பிரித்தால்தான் மறுப்பேன். மழைமேகம், தனி இழை தொடங்குங்கள். அங்கே விரிவாகப் பேசலாம்.

---

பொறுமைசாலி எழுதியது:

நான் ஆறாவது வருடத்தில் இருக்கிறேன். இங்கே எல்லாரும் ஐந்து மாதக் கணக்குப் போடுகிறீர்கள், அதனால் சராசரி துள்ளுகிறது. அறுபது தவணை போட்ட பிறகு என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

நானும் மாதம் 6000தான். அறுபது மாதத்தில் 360000 போட்டு 4500 யூனிட் சேர்ந்திருந்தது. அடக்கம் 80. அப்போது விலை ஒரு பெரிய சரிவில் 40க்கு வந்தது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு அறுபத்தோராவது தவணையை விட்டேன். 150 யூனிட் வந்தது, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. ஆசையாக ஆப்பைத் திறந்தேன். அடக்கம் 78.71.

விலை பாதியாகியிருக்கிறது, என் அடக்கம் 1.29 இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான். கணக்கில் 366000 போட்டதற்கு 186000 நின்றது. "இறங்கினால் நல்லது, சராசரி குறையும்" என்று முதல் வருடத்தில் எனக்குச் சொன்னார்கள், முதல் வருடத்தில் அது நடந்தது. இப்போது ஏன் நடக்கவில்லை என்று அன்று புரியவில்லை. இந்த இழையைப் படித்ததும் இசைச் சராசரியில்தான் பதில் இருக்கிறது என்று தோன்றுகிறது. சுண்ணக்கட்டி ஐயா, சரியா?

---

சுண்ணக்கட்டி எழுதியது:

அதில்தான் இருக்கிறது. இரண்டாவது தவணை போடுபவரை நினைத்துப் பாருங்கள். முதலில் 80 விலையில் 75 யூனிட், அடுத்து 40ல் 150 யூனிட். மொத்தம் 225, அடக்கம் 53.33. ஒரே தவணையில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. உங்களுக்கும் அதே 150 யூனிட்தான் வந்தது, ஆனால் அது 4500 யூனிட் உள்ள குளத்தில் ஊற்றிய ஒரு குடம்.

தொடக்கத்தில் புதிய தவணைதான் பெரியது, சேர்ந்த பணம் சிறியது. அந்தக் காலத்தில் விலைச் சரிவு உங்களுக்குச் சாதகம். வருடம் ஏற ஏற, சேர்ந்த பணம் பெரிதாகிறது, தவணை சிறிதாகிறது. உங்கள் 4500 யூனிட்டும் மொத்தமாக ஒரே நாளில் வாங்கியது போலவே சந்தையோடு விழும். அடக்க விலை ஒரு பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அது முதல் சில வருடங்களுக்குத்தான் அப்படித் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் மாதத் தவணையைக் கணக்கின் இன்றைய மொத்த மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு என்றால் சராசரி இன்னும் அசையும். நூறில் ஒரு பங்கு என்றால் அசையாது, அந்த எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிடலாம்.

---

பொறுமைசாலி எழுதியது:

அப்படியானால் சரிவு வரும்போது தவணையைக் கூட்டலாமா? நான் அன்று 6000ஐ 12000 ஆக்க நினைத்தேன், தைரியம் வரவில்லை.

---

வேகநடை எழுதியது:

கூட்ட வேண்டும் என்பேன். 40ல் 12000 போட்டிருந்தால் 300 யூனிட் வந்திருக்கும்.

---

கரையோரம் எழுதியது:

40தான் பள்ளத்தின் அடி என்று யார் சொன்னார்கள்? நானும் 100ல் அப்படித்தான் நினைத்தேன்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

இதில் நான் ஒரு பக்கம் நிற்கமாட்டேன். கூட்டினால் அடக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பது உறுதி. 12000 போட்டிருந்தால் 372000 ÷ 4800, அதாவது 77.5. 78.71க்கும் 77.5க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒரு மாதம் இரட்டிப்பாக்கியதால் ஐந்து வருட அடக்கம் ஒன்றும் மாறிவிடாது. பல மாதம் கூட்ட வேண்டும், அதற்கு வேறு எங்காவது பணம் இருக்க வேண்டும். அந்தப் பணம் அதுவரை சந்தைக்கு வெளியே காத்திருந்ததற்கு என்ன விலை என்பது மழைமேகம் கேட்ட கேள்விக்கே திரும்பிப் போகிறது.

---

நிலாமுற்றம் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். விலைகளை வரிசை மாற்றிப் போட்டும் பார்த்தேன், 80 அசையவே இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், பத்து முறையாவது மாற்றியிருப்பேன்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். அவசரமாகப் பணம் தேவைப்பட்டதால் இன்று 75 யூனிட் விற்றேன், 100 விலையில். 7500 வரும். ஆனால் ஆப்பில் சராசரி வாங்கிய விலை 80லிருந்து 76 ஆகிவிட்டது! நான் எதுவும் வாங்கவில்லை, விற்றுத்தானே இருக்கிறேன். விற்றால் எப்படி வாங்கிய விலை குறையும்?

---

வேகநடை எழுதியது:

பார்த்தீர்களா, விலை அதிகமாக இருந்தபோது விற்றதால் அந்த லாபம் சராசரியில் கழிந்திருக்கும்.

---

மூன்றாம்வரி எழுதியது:

இல்லை நண்பரே, லாபம் கழியவில்லை. நான் கணக்குப் பதிவு வேலையில் இருக்கிறேன், இதைத் தினமும் பார்க்கிறேன். அந்த ஆப் "முதலில் வாங்கியது முதலில் விற்றது" என்ற முறையில் கணக்கு வைக்கிறது.

நிலாமுற்றம் விற்ற 75 யூனிட்டில், முதல் மாதம் 100க்கு வாங்கிய 60ம் போய்விட்டது. மிச்சம் 15 இரண்டாவது மாதம் 80க்கு வாங்கியதிலிருந்து போனது. மீதி இருப்பவை: 80க்கு 60 யூனிட், 60க்கு 100, 75க்கு 80, 100க்கு 60. மொத்தம் 300 யூனிட், அடக்கம் 22800. வகுத்தால் 76. விலை கூடிய யூனிட்டுகள் முன்னால் நின்றதால் அவை முதலில் வெளியேறின, அதனால் மிச்சத்தின் சராசரி கீழே வந்தது. முதல் மாதம் 60க்கு வாங்கியிருந்தால், விற்றதும் சராசரி மேலே ஏறியிருக்கும்.

இந்த முறையில் நீங்கள் விற்றதில் லாபம் 300 மட்டும், ஏனென்றால் விற்ற 75க்கு அடக்கம் 7200. மிச்சம் இருக்கும் 300 யூனிட்டில் இன்றைய விலைக்கு 7200 லாபம் நிற்கிறது. கூட்டினால் 7500. மொத்தச் சராசரி முறையில் வைக்கும் ஆப் என்றால், விற்றதில் 1500 லாபம், மிச்சத்தில் 6000, அடக்கம் 80லேயே நிற்கும். அங்கேயும் கூட்டினால் 7500.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

அருமை. நான் வரிசை தெரியாது என்று எழுதினேன். வாங்கிக்கொண்டே இருக்கும்வரைதான் அது உண்மை, விற்கும்போது இந்த முறையில் வரிசை உள்ளே வந்துவிடுகிறது. திருத்திக்கொள்கிறேன்.

---

நிலாமுற்றம் எழுதியது:

அப்படியானால் வரி கட்டும்போது 300க்கா, 1500க்கா?

---

மூன்றாம்வரி எழுதியது:

எந்த முறை செல்லும் என்பது ஒவ்வொரு நாட்டின் விதியைப் பொறுத்தது. ஆப் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், சில ஆப்கள் திரையில் ஒரு முறையும் ஆண்டு அறிக்கையில் வேறு முறையும் காட்டுகின்றன. ஆண்டு அறிக்கையைத் தரவிறக்கி, விற்ற 75 யூனிட்டுக்கு நேராக அடக்கம் 7200 என்று இருக்கிறதா, 6000 என்று இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை இங்கே போட்டால் அடுத்ததைச் சொல்கிறேன்.

---

நிலாமுற்றம் எழுதியது:

விற்பனை இன்னும் முடிந்ததாகக் காட்டவில்லை, அறிக்கை வர இரண்டு நாள் ஆகும் போலிருக்கிறது. வந்ததும் எழுதுகிறேன். ஆறாவது தவணை நாளைக்கு, அதை நிறுத்தவில்லை.